அம்மாவுக்கு ஒரு லேப்டாப்: கடையில் பார்த்தவையும் வீட்டில் செய்தவையும்

எடுத்துக்கொண்ட தேவை இது. கும்பகோணத்தில் தனியாக இருக்கும் 72 வயது அம்மா. மகள் சிங்கப்பூரில், மகன் சென்னையில். அம்மாவுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். போட்டிருப்பது பைஃபோகல் கண்ணாடி. கையில் ஆண்ட்ராய்டு போன் உண்டு. வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்ப்பார், பதில் அனுப்பும் பழக்கம் இல்லை. லேப்டாப்பில் நடக்க வேண்டியவை இரண்டு வேலைகள்தான். மின்னஞ்சல் படித்துப் பதில் எழுத வேண்டும். பிள்ளைகளின் முகத்தைப் பெரிய திரையில் பார்த்துப் பேச வேண்டும்.

முதல் கேள்வி: எதில் பேசப் போகிறார்கள்?

பிராசசர், ரேம் எல்லாம் பிறகு. குடும்பம் எந்தச் செயலியில் பேசப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான் என்றால் விண்டோஸ் லேப்டாப் வாங்குங்கள். விண்டோஸுக்கான வாட்ஸ்அப் செயலியில் வீடியோ அழைப்பு உண்டு. கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான குரோம்புக்கில் வாட்ஸ்அப்பை உலாவி வழியாகத் திறக்கலாம், ஆனால் அதில் அழைப்பும் வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டக் கூடாது. இன்னொன்றும் உண்டு. போனில் வாட்ஸ்அப்பை 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் லேப்டாப்பில் இணைத்தது தானாக வெளியேறிவிடும். அம்மா போனை அலமாரியில் வைத்துவிட்டு லேப்டாப்பையே பிடித்துக்கொண்டால், மூன்றாவது வாரம் 'வாட்ஸ்அப் போய்விட்டது' என்று போன் வரும்.

கூகுள் மீட்டில் பேச எல்லோரும் சம்மதித்தால் குரோம்புக் போதும். நாம் எடுத்துக்கொண்ட குடும்பம் அதற்குச் சம்மதித்தது. இருவர் மட்டும் பேசும்போது மீட்டில் நேரம் ஒரு தடையே இல்லை. மூன்று பேர் சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடம். 55ஆவது நிமிடத்தில் திரையில் அறிவிப்பு வரும், அழைப்பு அறுந்தால் அதே இணைப்பை மீண்டும் அழுத்திச் சேர்ந்துகொள்ளலாம். ஜூமின் இலவசக் கணக்கில் இது 40 நிமிடம். பழைய வழிகாட்டிகளில் இன்னும் ஸ்கைப் என்று போட்டிருப்பார்கள். அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

குரோம்புக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், தூரத்தில் இருப்பவர் சமாளிக்க வேண்டிய தொல்லை குறைவு. வலைத்தளத்தில் எதையாவது அழுத்தி விண்டோஸுக்கான `.exe` கோப்பு இறங்கிவிட்டாலும் அது குரோம்புக்கில் ஓடாது. அப்டேட் பின்னணியில் இறங்கி, அடுத்த முறை மூடித் திறக்கும்போது சில நொடியில் முடிந்துவிடும். 'கணினியை அணைக்காதீர்கள்' என்று நீலத் திரை அரை மணி நேரம் நிற்பதும், அதைப் பார்த்துப் பயந்து வயரைப் பிடுங்குவதும் இதில் இல்லை.

குரோம்புக்கில் கட்டாயம் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிற்கும் நாள் ஒன்று உண்டு. 2021 முதல் வந்த தளங்களுக்கு 10 ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்தப் பத்து ஆண்டைக் கணக்கிடுவது அந்த வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து. பில் போட்ட நாளிலிருந்து அல்ல. 2021இல் வெளியான தளத்தை 2026இல் தள்ளுபடியில் வாங்கினால் மீதி ஐந்து ஆண்டுதான். கூகுளின் Auto Update policy பக்கத்தில் மாடல் பெயரைத் தேடினால் தேதி தெரியும். வாங்கிய பிறகு Settings > About ChromeOS > Additional details என்ற இடத்திலும் பார்க்கலாம். 'ஆஃபரில் இருக்கு சார்' என்று கடைக்காரர் எடுத்து நீட்டும் மாடலில் இந்தத் தேதியைத்தான் முதலில் பாருங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பைக் கொடுக்கலாமா என்றால், அதில் விண்டோஸ் 10 இருந்தால் அப்படியே கொடுக்காதீர்கள். அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அது இல்லாத பழைய இயந்திரத்தில், அதைக் குரோம்புக்போல ஓட்டும் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் போடலாம். 4 ஜிபி ரேமும் 8 ஜிபி பென்டிரைவும் போதும். ஆண்ட்ராய்டு செயலிகள் மட்டும் அதில் வராது. மெயிலுக்கும் மீட்டுக்கும் அது தேவையும் இல்லை. ஆனால் பேட்டரி செத்த, கீல் தளர்ந்த இயந்திரத்தை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். திரை தானாகச் சாய்ந்துபோகும் லேப்டாப்பில் வீடியோ அழைப்பு பேச முடியாது.

திரை: ஒரு சின்னக் கணக்கு

பெரியவர்களுக்கு வாங்கும்போது அதிகம் ஏமாறுவது திரையில்தான். 15.6 அங்குலம் என்று பார்த்ததும் எழுத்து பெரிதாகத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். எத்தனை புள்ளி என்பதையும் பார்க்க வேண்டும். விலை குறைந்தவற்றில் 1366 x 768 இன்னும் வருகிறது. அம்மாவுக்கு எழுத்தை 150 சதவீதம் பெரிதாக்கினால் அந்தத் திரையில் மிஞ்சும் இடம் 1366ஐ 1.5ஆல் வகுத்த 911, 768ஐ வகுத்த 512. அதாவது 911 x 512 அளவுள்ள திரையில் ஜிமெயிலைத் திறந்ததுபோல் ஆகிவிடும். எழுதும் பெட்டியின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போகும், Send பொத்தான் கண்ணில் படாது. 'எழுதிட்டேன், அனுப்ப இடமே இல்ல' என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. 1920 x 1080 திரையை அதே 150 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் 1280 x 720 மிஞ்சும். எழுத்தும் பெரிதாக இருக்கும், பொத்தானும் உள்ளே இருக்கும். ஆகவே 1920 x 1080க்குக் கீழே எடுக்க வேண்டாம்.

அடுத்து, திரையைச் சாய்த்துப் பார்ப்பது. கடையில் லேப்டாப்பைத் திறந்து வெள்ளைப் பக்கம் ஒன்றைக் காட்டி, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கவும். நிறம் வெளுத்தோ கறுத்தோ போனால் அது டிஎன் பேனல். ஐபிஎஸ் என்றால் பெரிதாக மாறாது. பைஃபோகல் போட்டவர் அடிக்கடி தலையை ஏற்றி இறக்கிப் பார்ப்பார் என்பதால் இது மற்றவர்களைவிட அவருக்கு முக்கியம். பளபளப்புத் திரை வேண்டாம். எதிரே உள்ள ஜன்னலும் டியூப்லைட்டும் அதில் தெரியும். கண்புரை தொடங்கியவருக்கு அந்தக் கூச்சமே போதும், லேப்டாப்பை மூடி வைத்துவிடுவார்.

அம்மாவின் கையோடு கடைக்கு

முடிந்தால் அவரையே கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் இவற்றை அவர் கண்ணால் பார்ப்பதாக நினைத்துப் பாருங்கள்.

கீபோர்டில் எழுத்து தெரிகிறதா? வெள்ளி நிறக் கட்டைகளில் சாம்பல் எழுத்துப் போட்டவை அழகாக இருக்கும். பின்னால் விளக்கும் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் எழுத்து கட்டையோடு கலந்து மறைந்துவிடும். கறுப்புக் கட்டையில் வெள்ளை எழுத்துதான் எடுக்க வேண்டும். பவர் பொத்தான் எங்கே இருக்கிறது? பல மாடல்களில் மேல் வரிசையின் வலது ஓரத்தில், அழிக்கும் கட்டைக்குப் பக்கத்தில், மற்ற கட்டைகளைப்போலவே உட்கார்ந்திருக்கும். எழுத்தை அழிக்கப் போய்த் திரையை அணைப்பது இதனால்தான். பக்கவாட்டிலோ, தனியாக வட்டமாகவோ இருப்பது நல்லது.

கேமராவுக்கு மேல் தள்ளும் மூடி உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் தள்ளிப் பார்த்து, மூடியபோது ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறதா, அது அம்மா கண்ணுக்குப் படுகிறதா என்று பாருங்கள். துடைக்கும்போது விரல் பட்டு அது மூடிக்கொள்ளும்; பிறகு செயலியில் எதைத் தட்டினாலும் கறுப்புத் திரைதான். ஸ்பீக்கர் அடியில் இருந்தால் மெத்தை மேல் வைத்ததும் குரல் அமுங்கிவிடும். மேல்பக்கம் பார்த்த ஸ்பீக்கர் கிடைத்தால் விடாதீர்கள். காது கொஞ்சம் மந்தமென்றால் 3.5 மிமீ துளை உள்ள லேப்டாப்பும், வயர் வைத்த, காதை மூடும் ஹெட்செட்டும் வாங்குங்கள். புளூடூத் வேண்டாம். அது போனோடு ஒட்டிக்கொண்டு லேப்டாப்பில் சத்தம் வராமல் போகும் நாள் வரும், காரணத்தைப் போனில் விளக்க முடியாது.

மவுஸ் ஒன்று தனியாக வாங்குங்கள், வயர் வைத்தது. வயதான விரல் நுனி வறண்டிருப்பதால் டச்பேட் பல நேரம் தொடுவதை உணராது. அழுத்தித் தேய்ப்பார்கள், அப்போது எதையாவது இழுத்துப் போட்டுவிடும். டச்ஸ்கிரீனுக்கு அதிகப் பணம் தரத் தேவையில்லை. திரையைச் சுட்டிக்காட்டிப் பேசுவது நம் பழக்கம். விரல் பட்டு அழைப்பு அறுந்துவிடும். மவுஸ் வயர் செருக சாதாரண யுஎஸ்பி துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், சில புதிய மாடல்களில் சிறிய டைப்-சி மட்டுமே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மவுஸின் இடது பொத்தானில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். 'பொட்டு இருக்கிற பக்கம் மட்டும்' என்று சொன்னால் தவறி வலது பொத்தானை அழுத்தி மெனு திறப்பது அடியோடு குறையும்.

உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஒரு பத்தி போதும். குரோம்புக்கில் 4 ஜிபி ரேம் சமாளிக்கும், 8 இருந்தால் நிம்மதி. 64 ஜிபி சேமிப்பு தாராளம். பிராசசர் இன்டெல் என்100 அல்லது அதற்கு நிகரான நான்கு கோர் இருந்தால் வீடியோ திணறாது. செலரான் என்4020 போன்ற பழைய இரண்டு கோர் வேண்டாம். விண்டோஸ் என்றால் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் குறைந்தபட்சம். 64 ஜிபி சேமிப்போடு வரும் மலிவு விண்டோஸ் லேப்டாப்பில் சில அப்டேட்டுகளிலேயே இடம் தீர்ந்துவிடும்.

வீட்டில்: மூன்று படம் மட்டும்

கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத்தின் அளவைத் தவிர எதையும் அம்மா முன்னால் வைத்துச் செய்யாதீர்கள்.

கூகுள் கணக்கில் மீட்பு எண்ணாக அம்மாவின் கையில் இருக்கும் போன் எண்ணையே கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் போன மகளின் பழைய இந்திய எண்ணைக் கொடுத்து, அது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன பிறகு கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. மீட்பு மின்னஞ்சலாக மகளுடையதைப் போடலாம். இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இயக்கியதும் கூகுள் தரும் எட்டு இலக்க மாற்று எண்கள் பத்தையும் அச்செடுத்து பீரோவில், ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போட்டுவிடுங்கள்.

எழுத்தின் அளவுக்கு Ctrl, Shift, கூட்டல் குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை முழுவதும் பெரிதாகும். அம்மாவை வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்காரவைத்து, அவர் கழுத்தை நீட்டாமல் படிக்கும்வரை ஏற்றுங்கள். மவுஸ் அம்பையும் Settings > Accessibility என்ற இடத்தில் பெரிதாக்கி நிறம் கொடுங்கள். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு அம்பைவிடச் சிவப்பு அம்பு சீக்கிரம் கண்ணில் படும்.

திரையின் அடிப்பட்டையில் மூன்றே படங்கள் இருக்க வேண்டும்: கடிதம், பேச்சு, உதவி. மற்றதெல்லாம் நீக்கிவிடுங்கள். பட்டை தானாக மறையாமல் எப்போதும் தெரியும்படி வையுங்கள். அடிப்பட்டையில் இருப்பதற்கு ஒரு சொடுக்குப் போதும். விண்டோஸ் டெஸ்க்டாப்பில் கிடக்கும் படங்களுக்கு இரட்டைச் சொடுக்கு வேண்டும். கை லேசாக நடுங்குபவருக்கு இரண்டு சொடுக்குக்கும் இடையில் மவுஸ் நகர்ந்து, படம் திறக்காமல் இடம் மாறிப் போகும். விண்டோஸ் வாங்கியவர்களும் டெஸ்க்டாப் படங்களை மறைத்துவிட்டு, வேண்டியவற்றை அடிப்பட்டையில் குத்திவிடுங்கள்.

கடிதம் என்பது ஜிமெயில். See all settings திறந்து General பகுதியில் மூன்று மாற்றங்கள். Undo Send என்பதை 30 நொடியாக்குங்கள். Button labels என்பதை Text ஆக்குங்கள். குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பதில் சொல்லே வரும், கணக்கின் மொழியைத் தமிழாக்கினால் அந்தச் சொல்லும் தமிழில் வரும். Conversation View என்பதை அணையுங்கள். இல்லாவிட்டால் பழைய கடிதத்துக்குள் புதியது மடிந்து ஒளிந்துகொள்ளும். பக்கத்தின் அடியில் Save Changes அழுத்த மறந்தால் மூன்றும் வீண். பிறகு Inbox பகுதியில் Primary தவிர மற்றத் தாவல்களை எடுத்துவிடுங்கள், பேரனின் போட்டோ Promotions தாவலில் போய் உட்காராது.

தமிழில் தட்டச்சு செய்ய Settings-இல் உள்ளீட்டு முறைகள் பகுதியில் தமிழைச் சேர்க்கலாம். எந்த முறை என்பது அம்மாவின் பழைய வாழ்க்கையைப் பொறுத்தது. அரசு அலுவலகத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர் என்றால் யோசிக்காமல் தட்டச்சு அமைப்பைப் போடுங்கள். முப்பது வருடம் கழித்தும் விரல் தானாகப் போகும், உங்களைவிட வேகமாக அடிப்பார். ஆங்கில எழுத்து பழகியவர் என்றால் ஒலிப்பு முறை. இரண்டும் இல்லாதவருக்குத் தமிழ்99 நல்லது. உயிரெழுத்து இடது கையிலும் மெய் வலது கையிலும் வரும். 'அம்மா' என்று எழுத a, k, k, q என்ற நான்கு கட்டைகள் போதும். இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அந்த வரைபடத்தை ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்துக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் புதுக் கடிதம் எழுதச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் தினம் ஒன்று அனுப்பட்டும், அவர் Reply மட்டும் அழுத்திப் பழகட்டும். முகவரி அடிப்பதில் புள்ளி விட்டுப்போகும் தொல்லை அதில் இல்லை.

பேச்சு என்ற படம்தான் இந்த ஏற்பாட்டின் மையம். மகள் தன் கூகுள் காலண்டரில் தினமும் திரும்ப வரும் நிகழ்வு ஒன்றை உருவாக்கி, அதில் மீட் இணைப்பைச் சேர்த்து, அம்மாவின் மின்னஞ்சலையும் தம்பியின் மின்னஞ்சலையும் விருந்தினராகப் போட வேண்டும். அந்த இணைப்பை அம்மாவின் குரோம்புக்கில் திறந்து, குரோமின் மூன்று புள்ளி மெனுவில் குறுக்குவழி உருவாக்கி, அடிப்பட்டையில் குத்திவிடுங்கள். இனி இந்திய நேரம் மாலை ஆறு மணிக்கு, அதாவது சிங்கப்பூரில் எட்டரைக்கு, அம்மா அந்தப் படத்தைச் சொடுக்கி, Join now அழுத்தினால் வேலை முடிந்தது. அறையை மகள் உருவாக்கி அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்திருப்பதால் கதவு தானாகத் திறக்கும். Join now வர வேண்டிய இடத்தில் Ask to join என்று வந்தால், அம்மா வேறு கணக்கில் இருக்கிறார் அல்லது வெளியேறியிருக்கிறார் என்று பொருள். தூரத்திலிருந்து கண்டுபிடிக்க இந்த ஒரு சொல் போதும், 'பச்சையா நீலமா, என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா' என்று கேளுங்கள்.

முதல் முறை கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும். அதை நீங்களே கொடுத்து வையுங்கள். ஒரு முறை Block அழுத்திவிட்டால் பிறகு கேட்காது, கேமரா கெட்டுவிட்டது என்றே நினைப்பார். அதோடு குரோமின் அமைப்புகளில் எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று மொத்தமாகத் தடுத்துவிடுங்கள். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் எட்டிப் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு தளத்தில் Allow அழுத்தியதால் வருபவைதான்.

மூன்றாவது படம் உதவி: `remotedesktop.google.com/support`. அம்மா அதைத் திறந்து Generate Code அழுத்தினால் 12 இலக்க எண் வரும், ஐந்து நிமிடம் உயிரோடிருக்கும். அதைப் போனில் படித்துச் சொல்ல, மகள் அதே பக்கத்தில் அதை இட்டு, அம்மா Share அழுத்தியதும் மகளின் திரையில் அம்மாவின் திரை தெரியும். அரை மணிக்கு ஒருமுறை தொடரட்டுமா என்று கேட்கும். ஆள் இல்லாதபோது உள்ளே நுழைய குரோம்புக்கில் வழியில்லை. பெரியவர்கள் விஷயத்தில் அது நல்லதே. ஆனால் இதே எண்ணைத்தான் மோசடிக்காரனும் கேட்பான். அதனால் விதி ஒன்று: அம்மா தானாக மகளைக் கூப்பிட்ட அழைப்பில் மட்டுமே எண்ணைப் படிக்க வேண்டும், வந்த அழைப்பில் யார் கேட்டாலும், மகள் குரலே கேட்டாலும், கூடாது. வீடியோவில் போலீஸ் சீருடையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்பவனுக்கும் இதுவே பதில். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது, புகாருக்கு 1930. மீட் அறை முறையில் வெளியாள் மணி அடித்துத் திரையில் வந்து நிற்கும் வாய்ப்பு குறைவு. போன் வாட்ஸ்அப்பிலும் Silence unknown callers என்பதை இயக்கிவிடுங்கள்.

மேசை, கண்ணாடி, மின்விசிறி

லேப்டாப்பை ஸ்டாண்டில் உயர்த்தி வைக்கச் சொல்வது பொது அறிவுரை. பைஃபோகல் போட்டவருக்கு அது தவறு. கிட்டப் படிக்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது, அதனால் திரை உயர உயர அவர் தாடையைத் தூக்கிப் பார்ப்பார். கால் மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். திரை தாழ்ந்தே இருக்கட்டும். ஆனால் தாழ்ந்த கேமரா மேலே பார்க்கும், மகளுக்குத் தெரிவது அம்மாவின் தாடையும் சுற்றும் மின்விசிறியுமாகத்தான் இருக்கும். மூடியைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளினால் முகம் நடுவுக்கு வரும். இடம் சரியானதும் மேசையில் லேப்டாப்பின் நான்கு மூலையையும் டேப்பால் அடையாளம் போட்டுவிடுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, முகம் கறுப்பாகத் தெரியும்.

இந்த ஊர்களில் பராமரிப்பு என்று சொல்லி மின்சாரம் நிறுத்தும் நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் இணையப் பெட்டி அணைந்துவிடும். அதற்கென்று கையளவு ரௌட்டர் யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். பெரும்பாலும் 12, சிலவற்றில் 9. 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்விடும்.

முதல் மாதத்தில் வரும் போன்கள்

'லேப்டாப் தானா பேசுது' என்றால் Ctrl, Alt, Z சேர்ந்து அழுந்தியிருக்கிறது; பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் இயங்கிவிட்டது. அதே மூன்றை மீண்டும் அழுத்தினால் நிற்கும். 'படம் பக்கவாட்டில் திரும்பிடுச்சு' என்றால் Ctrl, Shift, வட்ட அம்புக் கட்டை. நேராக வரும்வரை திரும்ப அழுத்தச் சொல்லுங்கள். 'பாஸ்வேர்டு தப்புங்குது' என்றால் Ctrlஉம் நீளக் கட்டையும் பட்டு உள்ளீடு மாறியிருக்கலாம். அடிப்பட்டையின் வலது ஓரத்தில் ஆங்கில எழுத்து இருக்கிறதா, தமிழ் எழுத்து இருக்கிறதா எனக் கேளுங்கள்.

'ஊய்னு கத்துது' என்றால் அம்மா போனிலும் அதே அழைப்பைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை மற்றதன் மைக் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வரும் ஊளை அது. போனில் உள்ள அழைப்பை மூடச் சொன்னால் நிற்கும். 'நான் பேசறது கேக்கலையாம்' என்றால் திரையின் அடியில் மைக் படம் சிவப்பா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'எல்லாம் கறுப்பா இருக்கு' என்றால் முதலில் கேமரா மேல் உள்ள அந்தத் தள்ளும் மூடியை.

இந்த ஆறையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில், அம்மா சொல்லும் வார்த்தையிலேயே எழுதி, மேசைக்கு எதிரே காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதன் நகல் ஒன்று மகளின் போனில் இருக்கட்டும். அம்மா எத்தனாவது வரி என்று சொன்னாலே இருவரும் ஒரே இடத்தைப் பார்க்கலாம்.